இரண்டே முக்கால் சென்ட், 1,200 சதுர அடி, 0-01.10: மூன்றும் ஒரே மனையா?

"மாதவரம் அருகே ஒரு மனை பார்த்திருக்கிறோம். விற்பவர் 1,200 சதுர அடி என்கிறார். அவர் பத்திரத்தில் 2¾ சென்ட் என்று இருக்கிறது. தாய்ப் பத்திரத்தில் 57 சென்ட். பட்டாவில் 0-01.10 என்று மட்டும் போட்டிருக்கிறது. எதை எதாக மாற்றிப் பார்ப்பது? மூன்றும் ஒரே இடத்தைத்தான் சொல்கின்றனவா?"

வடசென்னையில் ஆவண எழுத்தராக இருபத்தாறு ஆண்டுகள் பத்திரம் எழுதியிருக்கிறேன். நீங்கள் கொடுத்த எண்களை மாற்றினால் விற்பவர் வாய்மொழி 1,200 சதுர அடி, அவருடைய பத்திரம் சுமார் 1,198, பட்டா 1,184 என்று வருகிறது. முதல் இரண்டுக்கும் இடையில் உள்ள இரண்டு சதுர அடியை மறந்துவிடலாம். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் இடையில் உள்ள பதினான்கு சதுர அடியை அப்படி விடக்கூடாது. அது வெறும் கணக்கு வேறுபாடா, தரையிலேயே குறைவா என்று பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

முதலில் அளவுகளை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் காலத்து நில அளவைச் சங்கிலி 66 அடி நீளம். ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி என்று சதுரமாக அளந்தால் 66 பெருக்கல் 66, அதாவது 4,356 சதுர அடி. அப்படிப் பத்துச் சதுரம் சேர்ந்தது ஓர் ஏக்கர், 43,560 சதுர அடி. அதில் நூற்றில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. 66 என்ற ஒரே எண் நினைவில் இருந்தால் மற்றதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும். சென்ட்டைச் சதுர அடியாக்க 435.6ஆல் பெருக்குங்கள், சதுர அடியைச் சென்ட்டாக்க அதே எண்ணால் வகுங்கள். உங்கள் 2.75 சென்ட்டைப் பெருக்கினால் 1,197.9 வரும். 57 சென்ட்டைப் பெருக்கினால் 24,829 வரும்.

அந்தப் புள்ளி ஆறைத் தவிர்க்காதீர்கள். பேச்சில் பலரும் சென்ட்டுக்கு 435 என்றே சொல்வார்கள். ஒரு மனைக்கு அதனால் பெரிய கேடு இல்லை. ஐம்பத்தேழு சென்ட்டுக்கு அது 34 சதுர அடியாகிவிடும்.

1,200 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மனைக்கு ஊர்வழக்கு அளவு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. அதில் பாதி 1,200. தண்டையார்பேட்டை, இராயபுரம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் ஏக்கரும் சென்ட்டும் அதிகம் தென்படாது, கிரவுண்டும் சதுர அடியும்தான் இருக்கும். மாதவரம், மணலி, திருவொற்றியூர் எல்லாம் 2011இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகள். அங்கே வயலாகவும் தோப்பாகவும் இருந்த நிலத்தைப் பிற்பாடு மனையாகப் பிரித்தார்கள். அதனால் தாய்ப் பத்திரம் ஏக்கரிலும் சென்ட்டிலும் இருக்கிறது, மனை விற்ற பேச்சு சதுர அடியிலும் கிரவுண்டிலும் நடந்திருக்கிறது, அரசுப் பதிவேடு மெட்ரிக் முறையில் இருக்கிறது. அரை கிரவுண்டைச் சரியாகச் சென்ட்டாக்கினால் 2.7548. எழுதியவர் அதை 2¾ என்று போட்டிருப்பார். ஆகவே உங்கள் விற்பவர் 1,200 என்று சொல்வதில் சூது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் உங்களுக்குப் பத்திரப்படி கொடுக்கக்கூடியது 2¾ சென்ட்தான். புதிய பத்திரத்தில் 1,200 சதுர அடி என்று எழுதினால், அவரிடம் இல்லாத இரண்டு சதுர அடியை அவர் விற்றதாகிவிடும். "2¾ சென்ட், அதாவது 1,198 சதுர அடி" என்று எழுதச் சொல்லுங்கள்.

இனி பட்டா. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். 0-01.10 என்பதில் ஏக்கரும் இல்லை, சென்ட்டும் இல்லை. அது ஹெக்டேரும் ஏரும். கோட்டுக்கு முன்னால் உள்ள சுழியம் ஹெக்டேர், பின்னால் உள்ள 1.10 ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஆக உங்கள் பட்டா சொல்வது 110 சதுர மீட்டர். சதுர மீட்டரை 10.764ஆல் பெருக்கினால் சதுர அடி வரும், அது 1,184. ஓர் ஏரை நேராகச் சென்ட்டாக்க வேண்டுமானால் 2.471ஆல் பெருக்குங்கள். உங்கள் 1.10 ஏர் 2.72 சென்ட்.

எழுதும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்று மூன்று கட்டமாக எழுதும் பதிவேடுகளில் 0-02-05 என்றால் இரண்டு ஏர் ஐந்து சதுர மீட்டர், அதாவது 205 சதுர மீட்டர். அதே இடத்தில் 0-02.5 என்று புள்ளி வைத்திருந்தால் இரண்டரை ஏர், 250 சதுர மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு சென்ட் இருக்கிறது. கோடா, புள்ளியா என்பதை நகலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். eservices.tn.gov.in தளத்தில் பட்டாவை நீங்களே எடுத்து, பரப்புக்கு மேலே உள்ள தலைப்பைப் படித்துவிட்டு எண்ணைப் படியுங்கள். பழைய ஏக்கர் கணக்கிலும் இதே கண்ணி உண்டு. "ஏக்கர் 1.05" என்றால் ஓர் ஏக்கர் ஐந்து சென்ட். "ஏக்கர் 1.5" என்று இருந்தால் ஓர் ஏக்கர் ஐம்பது சென்ட். சுழியத்தை விட்டுவிட்டு எழுதியவர்களும் இருக்கிறார்கள். அதனால் எண்ணில் ஐயம் வந்தால், சொத்து விவரத்தில் எழுத்தால் எழுதியிருக்கும் அளவோடும் நான்கெல்லைக்குள் கொடுத்த நீள அகலங்களோடும் ஒத்துப்பாருங்கள்.

ஏரைச் சென்ட் என்று படித்ததால் வந்த கேடு ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். நான் தொழில் தொடங்கிய புதிதில் ஒருவர் புழல் பக்கத்து நிலப் பத்திரத்தோடு வந்தார். பழுப்பேறிய முத்திரைத்தாள், மடித்த இடத்தில் நைந்து கிழியும் நிலை. அதில் "ஐந்தரை சென்ட்" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அவர் கையில் இருந்த பட்டா நகலிலோ 0-05.50. பத்திரம் எழுதியவர் பட்டாவைப் பார்த்து 5.50ஐ அப்படியே எடுத்து, ஏர் என்பதைச் சென்ட் ஆக்கிவிட்டார். ஐந்தரை ஏர் என்பது 13.59 சென்ட், 5,920 சதுர அடி. ஐந்தரை சென்ட்டோ 2,396 சதுர அடி. வாங்கியவர் முழு நிலத்துக்கும் வேலி போட்டு அனுபவித்து வந்தார். வங்கிக் கடனுக்குப் போனபோதுதான் பாதிக்கும் மேற்பட்ட நிலம் தாளில் இல்லை என்று தெரிந்தது. பிழைத்திருத்தல் பத்திரம் எழுத விற்றவர் கையெழுத்து வேண்டும். அவர் இறந்துபோயிருந்தார். வாரிசுகள் ஐந்து பேரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அன்றிலிருந்து நான் எழுதிய எந்தப் பத்திரத்திலும் ஒரே அலகில் பரப்பை எழுதியதில்லை. சென்ட், சதுர அடி, சதுர மீட்டர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவேன். ஒன்று தவறினால் மற்ற இரண்டும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் பதினான்கு சதுர அடிக்கு வருவோம். 1,198 சதுர அடி என்றால் 111.3 சதுர மீட்டர், பட்டாவில் அது 1.11 என்று வந்திருக்க வேண்டும். 1.10 என்று ஏன் வந்தது? இரண்டு காரணம் இருக்கலாம். நில அளவர் அளந்தபோது உண்மையிலேயே 110 சதுர மீட்டர்தான் இருந்திருக்கலாம். அல்லது எண்ணை வட்டமாக்கியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அதே புல எண்ணில் அக்கம்பக்கத்து உட்பிரிவுகளின் பரப்பைப் பாருங்கள். 1.08, 1.13, 0.87 என்று கடைசி இலக்கம் பலவிதமாக இருந்தால், அங்கே ஒரு சதுர மீட்டர் வரை துல்லியமாக எழுதியிருக்கிறார்கள். அப்போது உங்கள் 1.10 உண்மையான அளவு, மனை குறைவுதான். எல்லாமே 1.10, 1.20, 0.90 என்று சுழியத்தில் முடிந்தால் பத்துச் சதுர மீட்டருக்கு வட்டமாக்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அப்படியானால் 105 முதல் 115 சதுர மீட்டர் வரை எதுவும் 1.10 ஆகியிருக்கும், உங்கள் 111.3 அதற்குள் அடங்கிவிடும். வயல்காட்டுப் பெரிய பட்டாக்களில் 23.00, 12.50 என்று முழு ஏராகவும் அரை ஏராகவும் முடியும் எண்களைக் கண்டாலும் இதே ஐயத்தோடு படியுங்கள். அரை ஏர் என்பது 538 சதுர அடி, நடுத்தரக் குடும்பம் ஒன்று வீடு கட்டிக்கொள்ளும் இடம்.

அடுத்தது, பலரும் செய்யத் தவறுவது. உங்கள் மனையை மட்டும் மாற்றிப் பார்க்காதீர்கள், தாய்ப் பத்திரத்தின் 57 சென்ட்டையும் மாற்றி, அதிலிருந்து விற்றதையெல்லாம் கழித்துப் பாருங்கள். tnreginet.gov.in தளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்தால், ஒவ்வொரு மனையும் எவ்வளவு பரப்புக்குப் பதிவாகியிருக்கிறது என்பது தெரியும். உங்களுடையது என் கையில் இல்லாததால் எண்களை நானே வைத்துக்கொண்டு செய்து காட்டுகிறேன். 1,200 சதுர அடியில் பதினான்கு மனை விற்றிருக்கிறார்கள் என்று வையுங்கள், 16,800. 900 சதுர அடியில் இரண்டு, 1,800. இரண்டும் சேர்ந்து 18,600. மனைப்பிரிவு வரைபடத்தில் 24 அடி அகலத்தில் 210 அடி நீளச் சாலை, 5,040 சதுர அடி. மொத்தம் 23,640. தாய்ப் பத்திரத்தின் 24,829இல் இதைக் கழித்தால் மிச்சம் 1,189 சதுர அடிதான். அங்கே கடைசி மனையை 1,200 என்று யார் விற்றாலும், பதினொரு சதுர அடிக்கு நிலமே இல்லை. இதைவிடக் கூடுதலாகக் குறைந்தால் முன்னவர்களில் யாரோ ஒருவர் தம் பங்குக்கு மேல் வேலி போட்டிருக்கிறார், அல்லது சாலையை மனையாக்கியிருக்கிறார்கள். ஆறாவது மனையை வாங்கியவருக்கு இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. ஒவ்வொரு பத்திரத்திலும் வட்டமாக்கிய துளிகளெல்லாம் சேர்ந்து கடைசியாக வாங்குபவர் தலையில்தான் இறங்கும். நீங்கள் பார்த்திருப்பது அந்தப் பிரிவின் கடைசி மனையாக, மூலையில் உள்ளதாக, சற்றே கோணலாக இருந்தால் இந்தக் கணக்கைப் போடாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

தாளில் கணக்கு நேரானாலும் தரையில் ஒரு முறை அளந்தாக வேண்டும். பத்திரங்களில் "கிழமேல் இருபுறமும் 30 அடி, தென்வடல் இருபுறமும் 40 அடி" என்று எழுதியிருப்போம். நான்கு பக்கமும் சரியாக இருந்தும் பரப்பு குறையலாம் என்பதை அது சொல்லாது. நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால்தான் 30 பெருக்கல் 40 சரி. கொத்தனார் மூலை மட்டம் பார்க்க 3, 4, 5 என்று நூல் பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். உங்கள் மனையும் 30க்கு 40 என்றால், அதே விதிப்படி மூலைக்கு மூலை 50 அடி வர வேண்டும். ஒரு மூலைவிட்டம் 45 அடியே வந்தால் மனை சாய்ந்திருக்கிறது என்று பொருள். பக்கங்கள் 30, 40, 45 உள்ள முக்கோணத்தின் பரப்பு 588 சதுர அடி. அப்படி இரண்டு சேர்ந்தால் 1,176தான். பக்கங்கள் ஒன்றும் மாறவில்லை, இருபத்து நான்கு சதுர அடி போய்விட்டது. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இல்லாவிட்டால் சராசரி எடுத்துப் பெருக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. செவ்வகம் அல்லாத மனைக்கு அந்தச் சராசரி எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. ஆகவே ஒரு மூலைவிட்டத்தை அளந்து, மனையை இரண்டு முக்கோணமாக்கி, ஒவ்வொன்றின் பரப்பையும் தனித்தனியே கண்டு கூட்டுவதுதான் சரியான முறை.

அளக்கப் போகும்போது துணி டேப்பை விட்டுவிட்டு எஃகு டேப் கொண்டுபோங்கள். நாற்பது அடிக்குத் துணி டேப் நடுவில் தொய்ந்து ஓரிரு அங்குலம் கூட்டிக் காட்டிவிடும். பக்கத்து மனையின் சுற்றுச்சுவர் இருந்தால் அது எந்தப் பக்கத்து நிலத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் 40 அடி நீளத்துக்கு 30 சதுர அடியை விழுங்கிவிடும். உங்கள் பதினான்கு சதுர அடி அந்தச் சுவருக்குள்ளேயே கூட இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் புலப்படத்தில் நீளங்கள் மீட்டரில் இருக்கும், 3.281ஆல் பெருக்கினால் அடியாகும். 30 அடி என்பது 9.14 மீட்டர், 40 அடி என்பது 12.19. புலப்படத்தில் இந்த எண்களுக்கு அருகில் வந்தால் மனம் ஆறலாம். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்திய பழைய படங்கள் கையில் கிடைத்தால் அவற்றில் சங்கிலி, லிங்க் கணக்கு இருக்கக்கூடும். பழைய சங்கிலியில் நூறு லிங்க், ஒரு லிங்க் 0.66 அடி. மெட்ரிக் சங்கிலியில் ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர். எந்தச் சங்கிலி என்று தெரியாமல் அந்த எண்களைப் பெருக்காதீர்கள்.

இவற்றில் எது உறுதி, எது இல்லை என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். மாற்றும் எண்கள் உறுதி, அவற்றில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. 2¾ சென்ட்டும் 1,200 சதுர அடியும் ஒரே பேச்சின் இரு வடிவம் என்பது என் அனுபவ ஊகம், வலுவான ஊகம். பட்டா அளவு வட்டமாக்கியதா, உண்மையா என்பது அக்கம்பக்கத்து உட்பிரிவுகளைப் பார்க்கும் வரை ஐயத்துக்குரியது. பத்திரமும் பட்டாவும் முரண்பட்டால் பட்டா மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. நான்கெல்லை தெளிவாக இருந்து பரப்பு மட்டும் முரண்பட்டால் எல்லைக்கே முன்னுரிமை கொடுப்பது நீதிமன்றங்கள் பொதுவாகப் பின்பற்றும் வழி. ஆனால் உங்கள் பத்திரத்தின் வாசகத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும்.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இது. பட்டாவையும் அக்கம்பக்க உட்பிரிவுகளையும் பாருங்கள், வில்லங்கச் சான்றைக் கூட்டிக் கழியுங்கள், பிறகு உரிமம் பெற்ற நில அளவரை அழைத்துக்கொண்டு விற்பவரையும் பக்கத்து மனைக்காரரையும் உடன் வைத்து மூலைவிட்டத்தோடு அளந்து பாருங்கள். அளந்து வருவது 1,184 என்றால் விலையை 1,184க்குப் பேசுங்கள், பத்திரத்திலும் 1,184 சதுர அடி, 2.72 சென்ட், 110 சதுர மீட்டர் என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். 1,198 வந்தால் பதிவு முடிந்த கையோடு உட்பிரிவுப் பரப்பைத் திருத்தித் தரும்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். விற்பவரிடம் அதற்கான ஒப்புதல் கடிதத்தைப் பதிவு நாளன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பணம் கைமாறிய பிறகு அவரை மாதவரத்தில் தேட வேண்டியிருக்கும்.